வடாம் ரெடி, டம்ளர் எடுத்துட்டு வாங்க

இன்றைக்கு மழைக்கு வாய்ப்பே இல்லை என்று காலை ஆறு பத்துக்கு நாற்பத்து மூவாயிரம் பேருக்குச் சொன்ன மனுஷன், பதினொன்றரை மணி பஸ்ஸில், கண்ணாடி பாதியில் சிக்கிக்கொண்ட ஜன்னலோரம், இடது தோள் தொப்பலாக நனைய உட்கார்ந்திருந்தார். வேறு சீட் இல்லை. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி போகிற பஸ். மடியில் அங்கே கொடுக்கவேண்டிய நில அளவை ஆபீஸ் ஃபைல், அதன்மேல் பாலித்தீன் கவர், அதன்மேல் போன். பங்குனி மாசத்தில் இப்படி ஒரு மழையா என்று முன்சீட்டுக்காரர் யாரிடமோ கேட்க, அது தன்னிடம் கேட்ட கேள்வி என்று சட்டநாதனுக்குப் பட்டது. என்னைக் கேட்டால்? மூன்று வானிலை மாடல் பார்த்தேனய்யா. இரண்டில் கடலோரம் பச்சையாக ஒரு மழைத் திட்டு இருந்தது, மூன்றாவதில் சுத்தமாக ஒன்றும் இல்லை. அந்த மூன்றாவதைத்தான் நம்பினேன். ஏன் நம்பினேன்? சரியாக இருக்கும் என்றா, அல்லது அதுதான் எனக்கு வேண்டியிருந்தது என்றா? ஒரு வாரமாக ஊரே கேட்டுக்கொண்டிருந்தது, குடைக்காரரே வடாம் நாள் எப்போ, வடாம் நாள் எப்போ என்று. குடைக்காரன் என்பது ட்விட்டரில் அவர் பெயர். ட்விட்டரின் பெயரை மாற்றிவிட்டார்கள்தான், ஆனால் இந்த ஜில்லாவில் யார் அதை மாற்றிச் சொல்கிறார்கள். நாலு வருஷமாக ஒவ்வொரு பங்குனியிலும் வடாம் நாள் என்று ஒன்றை அவர் அறிவிப்பது வழக்கம். சும்மா ஒரு தடவை விளையாட்டுக்கு ஆரம்பித்தது. இப்போது சீர்காழியிலிருந்து வேதாரண்யம் வரை அவர் சொன்ன தேதிக்கு ஜவ்வரிசி ஊறுகிறது. கேட்கக் கேட்கக் கை நமநமவென்றது, அறிவித்துவிட்டார். இன்று மழைக்கு வாய்ப்பே இல்லை, தைரியமாக வடாம் போடலாம், குடையை வீட்டிலேயே விடுங்கள். கடைசி வாக்கியம் தேவையா? அந்தக் கடைசி வாக்கியம்தான் இப்போது ஊரெல்லாம் ஓடுகிறது.

ஒன்பது ஐம்பதுக்கு ஆரம்பித்ததாம் மழை. அவர் அப்போது ஆபீஸில் ஒரு உட்பிரிவு மனுவுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தார். மேஜைமேல் போன் ஒரு தடவை அதிர்ந்தது, அப்புறம் இரண்டு தடவை, அப்புறம் நிற்கவே இல்லை, மேஜை விளிம்பு வரை தானாக நகர்ந்து வந்தது. எடுத்துப் பார்த்தபோது பதில்கள் நூற்றுப் பத்து, லைக் எழுபது. அந்த நொடியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. நல்ல பதிவென்றால் லைக்தான் முன்னால் ஓடும், பதில் பின்னால் வரும். நூறு பேர் கட்டைவிரலால் தட்டிவிட்டுப் போனால் ஐந்து பேர் வாயைத் திறப்பார்கள், அதுதான் கணக்கு. அந்தக் கணக்கு தலைகீழாகி, தட்டுகிறவனைவிட வாயைத் திறக்கிறவன் அதிகமானால், நீ அடிவாங்குகிறாய் என்று அர்த்தம். அதற்குத்தான் ரேஷியோ என்று பேர். நாலு வருஷமாக அடுத்தவனுக்கு நடக்கும்போதெல்லாம் சட்டநாதன் அதை ரசித்திருக்கிறார். ஒரு தடவை ஏதோ ஒரு நடிகரின் பழைய பேட்டியைப் பற்றி எவனோ எழுதியதற்கு இவரே போய் ரேஷியோ என்று ஒற்றை வார்த்தை போட்டுவிட்டு வந்ததும் உண்டு. அதற்கு மூன்று லைக். மூன்றில் ஒன்று இவருடையது. நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. இப்போது போனைத் திருப்பிப் பார்த்தார். லைக் இருநூற்றுப் பன்னிரண்டு, பதில் ஆயிரத்து நானூறு. கண் அந்த எண்களை விட்டு நகரவில்லை. ஆயிரத்து நானூறை இருநூற்றுப் பன்னிரண்டால் வகுத்தால் ஆறு புள்ளி ஆறு. ஆறு புள்ளி ஆறு மடங்கு. மழையைக்கூட இவ்வளவு துல்லியமாக அளந்ததில்லையே என்று ஒரு எண்ணம் ஓட, சீ, இப்போது இதுவா முக்கியம் என்று தன்னையே அதட்டிக்கொண்டார்.

"சார், குடைக்காரன்னு ஒருத்தன் இருக்கான், தெரியுமா?" என்றார் பக்கத்து சீட்காரர். மெடிக்கல் ரெப். காலுக்கிடையில் கறுப்புப் பை, கழுத்தில் டை, டையில் ஈரம். செம்பனார்கோவில் தாண்டும் முன்பே தான் வாரம் இரண்டு தடவை இந்த ரூட் என்றும், மழையில் சாம்பிள் டப்பா நனைந்தால் டாக்டர் கையால் தொடமாட்டார் என்றும் சொல்லி முடித்திருந்தார். "அப்படியா, யாரு?" என்றார் சட்டநாதன். பொய் இவ்வளவு சுலபமாக வருமா? "வானிலை சொல்ற ஆளு சார். இன்னிக்கு மாட்டிக்கிட்டான். இத பாருங்க," என்று ரெப் போனை நீட்டினார். இரண்டு லட்சம் பேர் பின்தொடர்கிற ஒரு மீம் பக்கம். குடைக்காரனின் பதிவைக் கீழே பெட்டிக்குள் போட்டு, மேலே ஒரே வரி: அண்ணன் குடையை வித்துட்டு வடாம் கடை வெச்சுட்டார் போல. ஆறாயிரம் லைக். அட, நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒரு பக்கம் மனசு சொன்னது, கடன்காரப் பயலே என்று இன்னொரு பக்கம். அந்தப் பெட்டிதான் விஷயம். பதிலாக எழுதினால் அது என் வீட்டு வாசலில் நின்று கத்துவது. கேட்க வேண்டியவன் என் வாசலுக்கு வந்தால்தான் கேட்கும். இதுவோ என்னையே தூக்கிக்கொண்டு போய் அவன் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்து, அவன் ஆட்கள் இரண்டு லட்சம் பேரைக் கூப்பிட்டு, இதோ பாருங்கள் என்று காட்டுவது. அவன் வரியை முதலில் படித்துச் சிரித்துவிட்டுத்தான் என் வரிக்கு வருவார்கள். சிரித்தபடியே படித்தால் எந்த வரிதான் முட்டாள்தனமாகத் தெரியாது? நான் ஒரு வார்த்தை மாற்றவில்லை, அவனும் மாற்றவில்லை. அதே எழுத்து, மேலே வேறொரு தலை முளைத்துவிட்டது. அங்கே சிரித்து முடித்தவர்களில் பத்தில் ஒருவன் பெட்டியைத் தட்டி என் வாசலுக்கே வந்து தன் பங்குக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போகிறான். அதனால்தான் பதில் மட்டும் ஏறுகிறது, லைக் ஏறவில்லை.

"அழிச்சுட வேண்டியதுதானே?" என்று கேட்டார் சட்டநாதன். யாரோ ஒருவனுக்காகக் கேட்பது போலக் குரலை வைத்துக்கொண்டார். "அழிச்சா விடுவாங்களா சார்? ஸ்க்ரீன்ஷாட் இருக்குல்ல. அழிச்சுட்டு ஓடிட்டான்னு அதுக்கு ஒரு ரவுண்டு வரும்," என்றார் ரெப். ரெப் சொன்னது சரிதான். அழித்தால் கிண்டல் செய்தவனின் பெட்டிக்குள் இந்தப் பதிவு இப்போது இல்லை என்று ஒரு சாம்பல் வரி நிற்கும், அவன் ஜோக் மட்டும் மேலே நிற்கும், என்ன இருந்ததோ என்று பார்க்கிறவன் இன்னும் தேடுவான். பதில் சொல்பவர்கள் யார் என்று கட்டுப்படுத்தலாம், அதைப் பதிவு போட்ட பிறகும் மாற்றலாம், ஆனால் பெட்டிக்குள் போடுவதை அது முழுசாக நிறுத்தாது. வாசலைச் சாத்திவிட்டால் ஆள் தெருவில் நின்று பேசுவான், அவ்வளவுதான். வந்த பதில்களை மறைக்கலாம். மறைத்த பதிலுக்கென்று ஒரு சின்னக் குறி வரும், அதைத் தட்டினால் மறைத்ததெல்லாம் வரிசையாகத் தெரியும், எதை மறைத்தான் என்று பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. விளக்கம் எழுதலாம். கீழைக்காற்றில் ஒரு சின்ன அலை, மாடல்களுக்கிடையே முரண்பாடு, பங்குனியில் அபூர்வம். ஐயோ, எழுதாதே. அவர் ஒன்று எழுதினால் அதற்கு நூறு பதில், பதில் வர வர இந்த இழவெடுத்த தளம் அதை இன்னும் நாலு பேர் கண்ணில் காட்டும், திட்டுகிறானா பாராட்டுகிறானா என்று அதற்குத் தெரியாது, பேசுகிறான் என்பது மட்டும்தான் தெரியும். ஒன்பது லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள் என்று கீழே எண். நாலு வருஷமாக ஒழுங்காகச் சொன்ன மழைகளை எல்லாம் சேர்த்தால்கூட ஒன்பது லட்சம் வராது. கார்த்திகையில் புயல் திசை மாறும் என்று ஒரு நாள் முன்னாடியே சொன்னாரே, அதைப் பார்த்தது பதினோராயிரம் பேர். இன்னொன்று, இதுதான் அவருக்கு விளங்கவே இல்லை, காலையிலிருந்து முந்நூறு பேர் புதிதாகப் பின்தொடர ஆரம்பித்திருக்கிறார்கள். எதற்கு? அடுத்த அடி எப்போது விழும் என்று பார்க்கவா?

"இதெல்லாம் ஒண்ணுமே இல்ல சார், இதுதான் மேட்டர்," என்று ரெப் மறுபடி போனை நீட்டினார். அது மீம் பக்கம் இல்லை. குடைக்காரனின் பதிவுக்குக் கீழேயே வந்த ஒரு பதில். மொட்டைமாடி என்று பெயர். முகத்துக்குப் பதிலாக ஒரு நீலத் துணிக் கிளிப்பின் படம். பின்தொடர்கிறவர்கள் முப்பத்தொரு பேர். ஒரு போட்டோ: மாடியில் விரித்த வேட்டியில் காலையில் பிழிந்த வடாமெல்லாம் மழையில் கரைந்து ஒரே குளமாக, நடுவில் வட்ட வட்டமாய்க் கொப்புளம். மேலே ஒரு வரி: வடாம் ரெடி. டம்ளர் எடுத்துட்டு வாங்க. சட்டநாதன் சிரித்துவிட்டார். நிஜமாகவே, வாய்விட்டு, முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்படி. எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறான், திட்டில்லை, என் பேரைக்கூட இழுக்கவில்லை, கையில் டம்ளரைக் கொடுத்து ஊரையே பந்தியில் உட்காரவைத்துவிட்டான். "நாலாயிரத்து முந்நூறு லைக் சார். அசல் பதிவுக்கு இருநூத்திச் சொச்சம். பதில் அசலை அடிச்சிருச்சு. முப்பது ஃபாலோயர் வெச்சிருக்கறவன் நாப்பதாயிரம் வெச்சிருக்கறவனைச் சாச்சுட்டான். இதான் சார் சுத்தமான ரேஷியோ." ரெப்புக்குத் தானே எழுதியது போலப் பெருமை. ஆமாம், அதுதான் சுத்தமான ரேஷியோ. ஆயிரம் பேர் கத்துவது கூட்டத்தின் வேலை. ஒரே ஒரு பதில் அசலுக்கு மேலே ஏறிவிட்டால் தளம் அந்தப் பதிலை எல்லாவற்றுக்கும் முதலில் கொண்டுவந்து அசலுக்கு நேர் கீழே ஒட்டிவிடும். அதற்கப்புறம் என் பதிவைப் பார்க்கிறவன் எவனும் அதைப் பார்க்காமல் போக முடியாது. என் பதிவு அந்த ஜோக்குக்கு முன்னுரை ஆகிவிடும். கீழே ஒரு பையன் மொட்டைமாடியையும் சாய்க்கலாம் என்று ரேஷியோ என்று எழுதிப் பார்த்திருக்கிறான். இரண்டு லைக். பாவம், அது அப்படி வராது. கேட்டு வாங்குகிற சாமான் இல்லை அது.

தன் போனில் அந்தப் படத்தைத் திறந்து இரண்டு விரலால் பெரிதாக்கினார். என்னதான் தேடினார் என்றால், சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், எவ்வளவு மழை என்று. படத்தின் வலது ஓரம், கைப்பிடிச் சுவர்மேல் ஒரு கண்ணாடிக் குப்பி தெரிந்தது. மழைமானி மாதிரி. பரவாயில்லையே, அளக்கிற ஆள், எந்த ஊராக இருக்கும், பத்து மில்லிமீட்டர் தாண்டியிருக்குமா. இன்னும் பெரிதாக்கினார். புள்ளி புள்ளியாக உடைந்த படத்தில் குப்பியின் நடுவில் சிவப்பாக ஒரு இன்சுலேஷன் டேப். தண்ணீர் மட்டம் பதினொன்று என்று பட்டது. பதினொன்றா பன்னிரண்டா என்று கண்ணை இடுக்கிக்கொண்டே இருந்தவருக்கு, சிவப்பு டேப்பை யார் மழைமானியில் ஒட்டுவார்கள் என்ற கேள்வி ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. நான் ஒட்டுவேன். போன ஐப்பசியில் கீறல் விழுந்தபோது நான்தான் ஒட்டினேன். வேட்டியைப் பார்த்தார். பச்சைக் கரை. ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட முக்கோணக் கறை. பஸ் ஆக்கூர் முக்கில் ஒரு குலுக்குக் குலுக்கித் திரும்பியது. அவர் கையிலிருந்த போன் நழுவி ஃபைல்மேல் விழுந்தது. அந்த வீட்டில் இருக்கிறதே இரண்டு பேர். மகள் கோயமுத்தூரில் ஹாஸ்டலில். மிச்சம் அவரும் தையல்நாயகியும்.

தையல்நாயகிக்கு ட்விட்டர் இருக்கிறதா? அவள் போனில் பால்காரர் நம்பரும் மகள் நம்பரும் மாரியம்மன் கோயில் பாட்டும்தான் இருக்கிறது என்று இருபத்திரண்டு வருஷப் புருஷன் நினைத்துக்கொண்டிருக்கிறான். காலையில் ஆறரைக்குக் காபி கொடுத்துக்கொண்டே சொன்னாள், ஈரக்காத்தா இருக்குங்க, ராத்திரி போட்ட துணி காயவே இல்ல, கூழைக் கிண்டாம நாளைக்குப் பார்த்துக்கலாமா என்று. இவர் என்ன சொன்னார்? ஊருக்கெல்லாம் போடச் சொல்லிட்டு நம்ம வீட்லயே போடலைன்னா எப்படி, பேசாம போடு, மாடல்ல ஒண்ணுமே இல்ல. மாடல் என்ற வார்த்தையை அவர் கொஞ்சம் மூக்கால் சொல்வார். அவள் போய்க் கூழ் கிண்டினாள். பிழிந்த வடாம் வெயிலில் விறைத்தால்தான் துணியிலிருந்து உரியும். ஒன்பது ஐம்பதுக்கு மழை வந்தால் அதைத் தூக்கவும் முடியாது, விடவும் முடியாது. அப்போது அவள் மாடியில் நின்று என்ன செய்திருப்பாள்? போட்டோ எடுத்திருக்கிறாள். ஒரு நிமிஷம் அவருக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. கட்டின புருஷனை, ஒன்பது லட்சம் பேர் முன்னாலே. உடனே, ஆனால் அவளுக்கு எப்படி அந்த வரி வந்தது, யார் சொல்லிக்கொடுத்தார்கள், என்னால் அப்படி ஒரு வரி எழுத முடியுமா என்று கேள்வி முட்டிக்கொண்டு வர, கோபம் பாதியில் நின்றது. மொட்டைமாடி என்ற பெயரைத் தட்டினார். சேர்ந்து நாலு வருஷம். இவர் ஆரம்பித்து இரண்டே மாசம் கழித்து. எழுதியதெல்லாம் பதில்கள்தான், எல்லாம் ஒரே ஆளுக்கு. கீழே இழுத்தார். குடைக்காரருக்கு: இங்கே தூறல் மட்டும். குடைக்காரருக்கு: மூன்று மில்லிமீட்டர். குடைக்காரருக்கு: நீங்க சொன்ன மாதிரியே நாலு மணிக்கு வந்தது. குடைக்காரருக்கு: வரலை, துணி காய்ஞ்சிடுச்சு. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, ஐப்பசி, ஆடி, போன சித்திரை, புயல் நாள். புயல் நாளன்று நூற்று நாற்பத்தேழு, பார்த்து இருங்க. பூஜ்யம் லைக், பூஜ்யம் லைக், ஒன்று, பூஜ்யம். ஓர் இடத்தில் இவரே பதில் போட்டிருந்தார்: நன்றி, எந்த ஊர்? அதற்கு அவள்: உங்க ஊர்ப் பக்கம்தான். அதை எழுதியது அவருக்கு நினைவே இல்லை. ஒரு நாள் விடாமல் அளந்து சொன்ன ஆளுக்கு நாலு வருஷத்தில் மூன்று வார்த்தை. வெளியே மழைச்சத்தம் சட்டென்று கூடியது போல இருந்தது, கூடவில்லை.

அப்போதுதான் அந்தப் பதிலுக்குக் கீழே புதிதாக வந்ததைப் பார்த்தார். யாரோ ஒரு துப்பறிகிற மகராஜன்: ஒரு டவுட், இந்தச் சிவப்பு டேப் மழைமானி குடைக்காரன் டெய்லி போடற போட்டோல இருக்கறதுதானே? கூடவே பழைய படம் ஒன்றையும் ஒட்டியிருந்தான். மூன்று லைக். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்பது. இது ஏறினால் வடாமாவது மண்ணாவது, குடைக்காரன் பொண்டாட்டியே குடைக்காரனைச் சாய்த்தாள் என்று அடுத்த ஆட்டம் ஆரம்பிக்கும், மீம் பக்கம் அவளைத் தூக்கிப் பெட்டிக்குள் போடும், எந்தத் தெரு எந்த வீடு என்று கேட்பார்கள். என்னைச் சொன்னால் பரவாயில்லை. நிஜமாகவே பரவாயில்லையா? ஆபீஸில் தெரிந்தால்? சரி, அது இருக்கட்டும், அவளை எவனாவது ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால்? அழித்துவிடலாம். அழித்தால் என்ன ஆகும் என்று யோசித்தார். என் பதிவு போய்விடும், அவள் பதில் இருக்கும், ஆனால் தலை இல்லாத முண்டமாக. எதற்கு இந்த டம்ளர், என்ன ஜோக் இது என்று புதிதாக வருகிறவனுக்குப் புரியாது, அப்படியே அடங்கிவிடும். அவள் பதிலுக்கு லைக் இப்போது ஆறாயிரத்து எண்ணூறு. அடங்கிவிட்டால் ஆறாயிரத்து எண்ணூறிலேயே நின்றுவிடும். மூன்று புள்ளியைத் தட்டினார். அழிக்க என்ற வார்த்தை சிவப்பாக நின்றது. கட்டைவிரல் அதற்கு மேலே. அழுத்தவில்லை. அதிலிருந்து வெளியே வந்து, தையல்நாயகியின் நம்பரை அழைத்தார்.

"சொல்லுங்க," என்றாள் தையல்நாயகி. பின்னால் மழை கேட்டது. "அங்க மழையா?" என்றாள். "ம், செம மழை. பஸ்ல இருக்கேன்." "நனையாதீங்க." "வடாம்?" "போச்சு." அவ்வளவுதான். எதிலிருந்து ஆரம்பிப்பது? இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு பேச்சை அவர்கள் பேசினதில்லை. அவருக்கு வாயில் வந்தது, எப்போதும் வருகிறதுதான். "எத்தனை மில்லிமீட்டர்?" "இருபத்திமூணு," என்றாள் டக்கென்று. "ஒம்பது அம்பதுக்கு ஆரம்பிச்சுது. நடுவுல பத்து நிமிஷம் விட்டுது." சொன்ன பிறகுதான் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். "தையலு, அந்தத் துணிக் கிளிப் நீதானே?" என்றவர் பதிலுக்குக் காத்திராமல் மேலே போனார். "சிரிச்சுட்டேன் தெரியுமா, பஸ்ல, சத்தமா, நம்ம வேட்டின்னு தெரியறதுக்கு முன்னாடி," என்றார் அவர். "கோவமா?" "முதல்ல வந்துச்சு." "எனக்கும்தாங்க வந்துச்சு. ஒன்றரைக் கிலோ மாவு. மாடில நின்னு அழுகையா வந்துச்சு. அப்புறம் பார்த்தா சிரிப்பா இருந்துச்சு, எழுதிட்டேன். வழக்கம்போல யாரும் பாக்கமாட்டாங்கன்னுதான் போட்டேன்." "நாலு வருஷமா ஏண்டி எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டார். "சொல்லிட்டேதானே இருந்தேன்," என்றாள் அவள். "தினமும் சொன்னேன். உங்க பதிவுக்குக் கீழயே சொன்னேன்."

பக்கத்தில் ரெப் ரொம்ப நேரமாக ஜன்னலைப் பார்ப்பது போலக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். மில்லிமீட்டர் என்றதும் தன் போனைப் பார்த்தார், வேட்டி என்றதும் சட்டநாதனைப் பார்த்தார், அப்புறம் வாய் திறந்தபடி மறுபடியும் போனைப் பார்த்தார். "சார்," என்று ஆரம்பித்தவர் நிறுத்தி, பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "இப்படித் தள்ளி உக்காருங்க சார், ரொம்ப நனையறீங்க," என்றார். சட்டநாதன் தள்ளி உட்கார்ந்தார். "ஒருத்தன் மழைமானியைக் கண்டுபிடிச்சுட்டான், பார்த்தியா?" என்றார் போனில். "பார்த்தேன்." "பயமா இருக்கா?" "கொஞ்சம். அழிச்சுடப் போறீங்களா?" அந்தக் கேள்வியில் ஒரு நடுக்கம் இருந்தது. பயத்தின் நடுக்கம் இல்லை என்று அவருக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. "என் பதிவையா?" "ம். அழிச்சுடாதீங்க. ஏழாயிரத்து இருநூறு ஆயிருக்கு. நமக்கு எப்பவாவது இப்படி ஏழாயிரம் பேரு... இன்னும் ஏறிக்கிட்டிருக்குங்க." அவளுக்கு மூச்சு வாங்கியது. எண்ணைப் பார்த்தபடியே பேசிக்கொண்டிருக்கிறாள், அவரைப் போலவே. சட்டநாதன் போனைக் காதிலிருந்து எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, துப்பறிகிற மகராஜனுக்குக் கீழே எழுதினார்: ஆமாம், எங்கள் வீட்டு மாடிதான். இருபத்திமூன்று மில்லிமீட்டர். அளந்தது என் மனைவி. நாலு வருஷமாக அவர்தான் அளக்கிறார். தப்புச் சொன்னது நான். இது எரிகிறதில் எண்ணெயை ஊற்றுகிற வேலை என்று அவருக்குத் தெரியும். இதைப் பார்த்தால் அவள் எண் இரண்டு மடங்கு ஏறும், அவர் தலை இன்னும் உருளும். ஆனால் துப்பறிந்து பிடித்தால்தான் ஆட்டம், பிடிபட்டவனே வந்து கையைத் தூக்கிவிட்டால் அப்புறம் எதைத் தோண்டுவார்கள். அனுப்பினார். பக்கத்தில் ரெப் தன் போனில் அதைப் படித்து, சத்தம் வராமல் தொடையில் தட்டிக்கொண்டார்.

திருக்கடையூர் வந்தது. பத்துப் பேர் இறங்கினார்கள். மழை நூல்நூலாக இளைத்திருந்தது. "தையலு, நாளைக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டார் சட்டநாதன். "எங்கிட்டயா கேக்கறீங்க?" "உங்கிட்டதான்." அவள் படி ஏறுகிற சத்தம் கேட்டது. ஈரச் செருப்பு ஒவ்வொரு படியிலும் சப் சப்பென்றது, மாடிக் கதவின் தாழ்ப்பாள், அப்புறம் வெட்டவெளியின் காற்று. அவர் காத்திருந்தார். மாடல் ஒன்றையும் திறக்கவில்லை. கை அரித்தது, திறக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து அவள் சொன்னாள், "தெரியலைங்க." "தெரியலைன்னா?" "தெரியலைதான். வந்தாலும் வரும், வராமலும் போகும். எனக்குப் பெஞ்ச பிறகுதான் சொல்லத் தெரியும்." அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆயிரத்து எத்தனையோ நாள், எத்தனை பதிவு, மிதமான, பரவலான, ஓரிரு இடங்களில், வாய்ப்பே இல்லை, ஆனால் இந்த வார்த்தையை மட்டும் அவர் ஒரு நாளும் எழுதினதில்லை. எழுதினால் யார் மதிப்பார்கள் என்று பயம். "அப்படியே எழுதட்டுமா?" "எழுதுங்களேன்," என்றாள். அவர் எழுதினார். நாளை மழை வருமா, தெரியவில்லை. பெய்தால் எவ்வளவு என்று மாடியிலிருந்து சொல்வோம். ஒரு தடவை படித்துப் பார்த்தார், ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை, அழுத்தினார். போட்டுட்டேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் போன் டிங்கென்றது, அவள் குரல், "வந்துடுச்சு," என்றது.